ஒரே கனசதுரத்திலிருந்து ஒரு நாற்காலி

கணினியில் முப்பரிமாண உருவங்களைச் செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் செய்து பார்க்க ஏற்ற பொருள் நாற்காலி. அதன் அளவுகள் நம் உடம்புக்கே தெரியும். உட்காரும் பலகை தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும், கால்கள் நான்கும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும், சாய்மானம் பின்னால் இருக்க வேண்டும். எது தவறினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்தக் கட்டுரையில் நாம் பயன்படுத்தப்போவது பிளெண்டர் என்ற மென்பொருள். ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் பிளெண்டர் அறக்கட்டளை இதை நிர்வகிக்கிறது. 2002-ல் இதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. அன்றுமுதல் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிப் பயன்படுத்தலாம். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற ‘ஃப்ளோ’ இதில்தான் உருவானது.

தச்சர் நாற்காலி செய்யும்போது காலைத் தனியாக, பலகையைத் தனியாக இழைத்து, துளையிட்டுப் பொருத்துவார். இங்கே நாம் செய்யப்போவது வேறு. ஒரே ஒரு கனசதுரத்தை எடுத்து, பலகையாகத் தட்டையாக்கி, அதன் மேல் கோடுகள் போட்டு, அந்தக் கோடுகளுக்கு இடையில் உள்ள சதுரங்களைக் கால்களாகவும் முதுகாகவும் வெளியே இழுக்கப்போகிறோம். கோடு போடுவதற்கு லூப் கட் என்று பெயர், இழுப்பதற்கு எக்ஸ்ட்ரூட் என்று பெயர். இந்த இரண்டில் முக்கியமானது கோடுதான். கோடு எங்கே விழுகிறதோ அதுதான் காலின் தடிமன். இழுக்கிற வேலை அதற்குப் பிறகு தானாக நடந்துவிடும்.

முதலில் பார்க்கப் பழகுவோம்

பிளெண்டரைத் திறந்ததும் நடுவில் பெரிதாகத் தெரியும் பகுதிதான் வியூபோர்ட். அதில் ஒரு கனசதுரம், ஒரு கேமரா, ஒரு விளக்கு ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருக்கும். மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் காட்சி சுழலும். `Shift` விசையோடு சேர்த்து அதையே செய்தால் காட்சி பக்கவாட்டில் நகரும். சக்கரத்தை உருட்டினால் அருகில் போகும், விலகி வரும்.

இங்கேதான் புதியவர்களுக்கு முதல் குழப்பம் வரும். கனசதுரம் சுழல்வதுபோலத் தெரிகிறது, ஆனால் அது அசையவே இல்லை. சுற்றி வருவது நாம்தான். இதை உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. கனசதுரத்தின் மேல் ஒருமுறை இடது கிளிக் செய்து, `N` விசையை அழுத்துங்கள். வலப்பக்கம் ஒரு பட்டை திறக்கும். அதில் `Item` என்ற தாவலில் `Location`, `Rotation`, `Scale`, `Dimensions` என்ற எண்கள் இருக்கும். காட்சியை எப்படிச் சுழற்றினாலும் `Rotation` மூன்றும் 0°-யிலேயே நிற்கும். பொருள் உண்மையிலேயே நகர்ந்தால்தான் இந்த எண்கள் மாறும். சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தப் பட்டையைப் பாருங்கள். கண் ஏமாறலாம், எண்கள் ஏமாற்றாது.

இரண்டாவது சிக்கல், சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் காட்சி ஒரு கட்டத்துக்கு மேல் அருகில் போகாமல் நின்றுவிடுவது. கணினி பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வியூபோர்ட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மையப்புள்ளி உண்டு. சுழல்வதும் நெருங்குவதும் அதை வைத்துத்தான். ஒவ்வொரு உருட்டுக்கும் மிச்சமுள்ள தூரத்தில் ஒரு பங்கு மட்டுமே கடப்பதால், புள்ளியை நெருங்க நெருங்க நகர்வு குறைந்துகொண்டே போகும். நாம் பார்க்க விரும்பும் பொருள் அந்தப் புள்ளிக்கு அப்பால் இருந்தால் அதை எட்டவே முடியாது. தீர்வு எளிது. பொருளைத் தேர்ந்தெடுத்து, எண் பலகையில் உள்ள புள்ளி விசையை அழுத்துங்கள், அல்லது `View` பட்டியலில் `Frame Selected` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மையப்புள்ளி பொருளுக்கே வந்துவிடும்.

நேர்க் காட்சிகளும் தேவைப்படும். எண் பலகையில் 1 முன்புறம், 3 வலப்புறம், 7 மேற்புறம். `Ctrl` விசையோடு 7 அழுத்தினால் அடிப்புறம். மடிக்கணினியில் எண் பலகை இல்லாவிட்டால் `View > Viewpoint` என்ற பட்டியலில் இவை எல்லாம் இருக்கின்றன. நடுச் சக்கரம் இல்லாதவர்கள் `Edit > Preferences > Input` பகுதியில் `Emulate 3 Button Mouse` என்பதை இயக்கிக்கொண்டால், `Alt` விசையோடு இடது பொத்தானை அழுத்தி இழுத்துச் சுழற்றலாம். அதே இடத்தில் `Emulate Numpad` என்றும் ஒன்று இருக்கும். அதை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதை இயக்கினால் மேல் வரிசையில் உள்ள 1, 2, 3 விசைகள் காட்சியை மாற்றப் போய்விடும். நமக்கு அவை வேறு வேலைக்கு வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். விசைகள் எல்லாம் மவுஸ் சுட்டி எந்தப் பகுதியின் மேல் இருக்கிறதோ அந்தப் பகுதிக்குத்தான் கட்டுப்படும். விசை வேலை செய்யவில்லை என்று தோன்றினால், சுட்டி வியூபோர்ட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கனசதுரம் பலகையாகிறது

திரையில் உள்ள கனசதுரம் பக்கத்துக்கு 2 மீட்டர். நமக்கு வேண்டியது 42 செ.மீ. நீளம், 42 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன் உள்ள பலகை. `N` பட்டையில் `Dimensions` என்ற இடத்தில் X-க்கு 0.42, Y-க்கு 0.42, Z-க்கு 0.04 என்று தட்டச்சு செய்யுங்கள். உட்காரும் பரப்பு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பலகையின் மையம் அதற்கு 2 செ.மீ. கீழே இருக்கும் என்பதால், `Location` பகுதியில் Z-க்கு 0.43 கொடுங்கள். பலகை இப்போது திரையில் சிறிதாகிவிடும். `Frame Selected` கொடுத்து அருகில் கொண்டுவாருங்கள்.

அதே பட்டையில் `Scale` எண்களைப் பாருங்கள். 0.210, 0.210, 0.020 என்று காட்டும். அதாவது பிளெண்டரின் கணக்கில் இது இன்னமும் 2 மீட்டர் கனசதுரம்தான், சுருக்கிக் காட்டப்படுகிறது, அவ்வளவே. அதை இப்படியே விட்டால் கடைசியில் விளிம்புகளை மழுக்கும்போது மழுக்கல் ஒரு திசையில் பத்து மடங்குக்கு மேல் அதிகமாகிக் கோணலாகிவிடும். `Ctrl` விசையோடு `A` அழுத்தி, வரும் பட்டியலில் `Scale` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று எண்களும் 1.000 ஆகும். உருவத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் இனி இது உண்மையிலேயே 42 செ.மீ. பலகை.

கோடு போடும் இடம்

`Tab` விசையை அழுத்தினால் உருவத்தைத் திருத்தும் நிலைக்குப் போவோம். பள்ளிக் கணக்கில் படித்தது நினைவிருக்கும். கனசதுரத்துக்கு 8 முனைகள், 12 விளிம்புகள், 6 முகங்கள். திருத்தும் நிலையில் மேல் வரிசை விசை 1 முனைகளையும், 2 விளிம்புகளையும், 3 முகங்களையும் தேர்ந்தெடுக்க வைக்கும். வியூபோர்ட்டின் மேல் வலது மூலையில் `Viewport Overlays` பட்டியலைத் திறந்து `Statistics` என்பதை இயக்குங்கள். முனைகள் எத்தனை என்று திரையின் ஓரத்தில் எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். இந்த எண்ணிக்கை நமக்குப் பெரிய துணை.

இப்போது 2 அழுத்தி, பிறகு `Ctrl` விசையோடு `R` அழுத்துங்கள். சுட்டியைப் பலகையின் முன் விளிம்பின் மேல் கொண்டுபோனால், பலகையை முன்பின்னாகச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு தோன்றும். நாம் தொட்டிருக்கும் விளிம்பை அது குறுக்காக வெட்டும் என்பதுதான் விதி. 2 என்று தட்டச்சு செய்தால் இரண்டு கோடுகளாகும். ஒருமுறை இடது கிளிக் செய்தால் கோடுகள் உறுதியாகி, சுட்டியோடு சேர்ந்து வழுக்கத் தொடங்கும். உடனே வலது கிளிக் செய்யுங்கள். கோடுகள் வழுக்காமல் சமமாகப் பிரித்த இடத்திலேயே நின்றுவிடும்.

42 செ.மீ. மூன்றாகப் பிரிந்திருக்கிறது. எனவே ஒவ்வொரு கோடும் மையத்திலிருந்து 7 செ.மீ. தள்ளி இருக்கிறது. இப்படியே கால்களை இழுத்தால் ஒவ்வொரு காலும் 14 செ.மீ. தடிமனில் யானைக்கால்போல வந்துவிடும். நமக்கு வேண்டியது 4 செ.மீ. கால். அதற்குக் கோடுகள் மையத்திலிருந்து 17 செ.மீ. தள்ளிப்போக வேண்டும். 17-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.43. கோடுகள் இரண்டும் இன்னும் தேர்விலேயே இருப்பதால், அவற்றை X திசையில் மட்டும் அந்த அளவு விரித்தால் போதும்.

```
S   X   2.43   Enter
```

அடுத்து, பலகையின் பக்கவாட்டு விளிம்பின் மேல் சுட்டியை வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். `Ctrl` உடன் `R`, 2, இடது கிளிக், வலது கிளிக். விரிக்கும்போது X-க்குப் பதிலாக Y.

```
S   Y   2.43   Enter
```

பலகையின் மேலும் கீழும் இப்போது ஒன்பது கட்டங்கள் இருக்கின்றன. நான்கு மூலைகளில் 4 செ.மீ. சதுரங்கள், நடுவில் ஒரு பெரிய சதுரம். முனைகளின் எண்ணிக்கை 32 என்று காட்ட வேண்டும். அதிகமாகக் காட்டினால் எங்கோ ஒரு கோடு கூடுதலாக விழுந்திருக்கிறது. `Ctrl` உடன் `Z` அழுத்திப் பின்னால் போய்ச் சரிசெய்வதுதான் நல்லது. இந்த இடத்தில் சரியாக இருந்தால் நாற்காலியின் பாதி வேலை முடிந்தது.

கால்கள்

அடிப்புறக் காட்சிக்குப் போங்கள். 3 அழுத்தி, மூலையில் உள்ள நான்கு சதுர முகங்களையும் `Shift` அழுத்திக்கொண்டே ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். பலகையின் அடி தரையிலிருந்து 41 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. எனவே,

```
E   0.41   Enter
```

முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகவே அது வளரும். இவை கீழே பார்ப்பதால், கூட்டல் எண் கொடுத்தும் கால்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. காட்சியைச் சுழற்றிப் பார்த்தால் நான்கு கால்களும் தரைக் கட்டத்தைத் தொட்டு நிற்கும். முனைகள் 48.

புதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. `E` அழுத்தியதும் முகம் சுட்டியோடு எங்கோ ஓடுகிறது. பயந்து வலது கிளிக் செய்கிறார்கள், அல்லது `Esc` அழுத்துகிறார்கள். முகம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி `E` அழுத்துகிறார்கள். உண்மையில் ஏதோ நடந்துவிட்டது. `E` விசை செய்வது இரண்டு வேலை. முதலில் முகத்தைச் சுற்றிப் புதிய சுவர்களை உண்டாக்குகிறது, பிறகு முகத்தை நகர்த்துகிறது. வலது கிளிக் இரண்டாவது வேலையை மட்டும்தான் நிறுத்தும். உயரமே இல்லாத சுவர்கள், பழைய முனைகளின் மேலேயே ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும். பின்னால் விளிம்பை மழுக்கும்போதும் வண்ணம் ஏற்றும்போதும் அந்த இடத்தில் விநோதமான நிழலும் மடிப்பும் வரும். காரணம் புரியாது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் முனைகளின் எண்ணிக்கை. கால் இன்னும் முளைக்காதபோதே 32-க்குப் பதிலாக 48 என்று காட்டினால் பேய்ச் சுவர்கள் வந்துவிட்டன என்று பொருள். அப்போதே `Ctrl` உடன் `Z` அழுத்தினால் போதும். தாமதமாகத் தெரிந்தால், `A` அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, `M` அழுத்தி `By Distance` என்பதைக் கொடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் முனைகள் ஒன்றாகிவிடும். எத்தனை முனைகள் நீங்கின என்ற செய்தியும் கீழே வரும்.

முதுகு

மேற்புறக் காட்சிக்கு வாருங்கள். பிளெண்டரில் முன்புறம் என்பது Y அச்சின் கழித்தல் பக்கம். எனவே மேலிருந்து பார்க்கும்போது திரையின் மேல்பகுதியில் இருப்பது நாற்காலியின் பின்பக்கம். அங்குள்ள இரண்டு மூலைச் சதுரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு தடவையாக இழுக்க வேண்டும்.

```
E   0.35   Enter
E   0.1    Enter
```

ஒரேயடியாக 45 செ.மீ. இழுத்துவிட்டுப் பிறகு லூப் கட் போடலாமே என்று தோன்றும். போடலாம். ஆனால் இரண்டு கம்பங்களும் தனித்தனி என்பதால் கோட்டையும் தனித்தனியாகப் போட்டு, இரண்டும் ஒரே உயரத்தில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு தடவையாக இழுத்தால் இரண்டு கம்பங்களிலும் கோடு 35 செ.மீ. உயரத்தில் தானாகவே அமைந்துவிடும். முனைகள் இப்போது 64.

கம்பங்களின் மேல் 10 செ.மீ. பகுதியை ஒரு குறுக்குப் பலகை இணைக்க வேண்டும். இடது கம்பத்தின் உள்பக்க முகத்தை எடுத்து, எதிர்க் கம்பத்தைத் தொடும்வரை இழுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பார்க்க அது சரியாகவே இருக்கும். ஆனால் அது தொட்டுக்கொண்டுதான் நிற்கும், இணையாது. எதிர்க் கம்பத்தின் முகமும் பலகையின் நுனி முகமும் ஒன்றன்மேல் ஒன்று உள்ளே மறைந்து கிடக்கும். முனைகளை `By Distance` கொடுத்து ஒன்றாக்கினாலும் உள்ளே ஒரு தேவையற்ற தடுப்பு மிஞ்சிவிடும்.

சரியான வழி, காட்சியைச் சுழற்றி, இரண்டு கம்பங்களிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் மேல்பகுதி முகங்களை `Shift` அழுத்தித் தேர்ந்தெடுத்து, மேலே `Edge` பட்டியலில் `Bridge Edge Loops` என்பதைக் கொடுப்பது. இரண்டு முகங்களும் நீங்கி, இடையில் பலகை உண்டாகும். முனைகள் 64-லேயே நிற்கும். புதிதாக ஒரு முனைகூட வராததுதான் இணைப்பு சரியாக நடந்ததற்குச் சாட்சி. 68 என்று காட்டினால் இழுத்து ஒட்டியிருக்கிறீர்கள்.

இந்த நிலையில் கோப்பை ஒரு பெயரில் சேமித்துவையுங்கள். பிறகு தேவைப்படும்.

நேரான பலகையை வளைப்பது

நேரான பலகை முதுகை உறுத்தும். நடுப்பகுதி 2 செ.மீ. பின்னால் போனால் முதுகு பொருந்தும். ஆனால் பலகையின் நடுவில் முனைகளே இல்லாததால் அங்கே வளைக்கப் பிடிமானம் இல்லை. லூப் கட் மறுபடி உதவிக்கு வருகிறது. பலகையின் நீளமான விளிம்பின் மேல் `Ctrl` உடன் `R`, இடது கிளிக், வலது கிளிக். நடுவில் ஒரு கோடு விழும். அதைப் பின்னால் தள்ளுங்கள்.

```
G   Y   0.02   Enter
```

பலகை இப்போது நடுவில் முறிந்ததுபோல இருக்கும். இடது பாதியின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். அது ஏற்கெனவே 1 செ.மீ. பின்னால்தான் இருக்கும். சீரான வளைவுக்கு அது 1.5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். எனவே `G`, `Y`, 0.005, `Enter`. வலது பாதியிலும் அதையே செய்யுங்கள். நான்கு துண்டுகள் கொண்ட வளைவு. பத்தடி தூரத்திலிருந்து பார்க்கும் காட்சிக்கு இதுவே போதும். அருகில் வைத்துப் பார்க்கும் காட்சி என்றால் இன்னும் கோடுகள் வேண்டும்.

கடைசியாக விளிம்புகள். `Tab` அழுத்தி வெளியே வந்து, வலப்பக்கம் நீலச் சாவி அடையாளம் உள்ள இடத்தில் `Add Modifier > Generate > Bevel` கொடுங்கள். `Amount` முதலில் 0.1 மீட்டர் என்று இருக்கும். 4 செ.மீ. காலுக்கு 10 செ.மீ. மழுக்கல் பொருந்தாது, உருவம் சிதைந்து நிற்கும். அதை 0.003 என்று மாற்றி, `Segments` என்ற இடத்தில் 2 கொடுங்கள். 3 மி.மீ. மழுக்கலில் விளிம்புகள் ஒளியைப் பிடித்து மரம்போலத் தெரியத் தொடங்கும்.

நாற்காலியிலிருந்து பெஞ்ச்

முதுகை வளைப்பதற்கு முன் சேமித்த கோப்பைத் திறந்து ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியை 102 செ.மீ. பெஞ்சாக நீட்ட வேண்டும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து X திசையில் `S` கொடுத்து விரித்தால் நீளம் வந்துவிடும், ஆனால் கால்களும் சேர்ந்து விரிந்து 9.7 செ.மீ. அகலமாகிவிடும். அதற்குப் பதிலாக முன்புறக் காட்சியில் `Tab` அழுத்தி உள்ளே போய், 1 அழுத்துங்கள். `Alt` உடன் `Z` அழுத்தினால் உருவம் ஊடுருவித் தெரியும். வலது ஓரத்தில் உள்ள காலையும் கம்பத்தையும் சுற்றி ஒரு கட்டம் இழுத்து, அங்குள்ள முனைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

```
G   X   0.6   Enter
```

வலது கால்களும் கம்பமும் 60 செ.மீ. நகர்கின்றன. பலகை மட்டும் நீள்கிறது. கால்கள் அதே 4 செ.மீ. தடிமனில் நிற்கின்றன. காலுக்கும் நடுப்பலகைக்கும் இடையில் தொடக்கத்திலேயே சரியான இடத்தில் கோடு போட்டதால்தான் இது முடிந்தது. அடுத்து மேசையோ கட்டிலோ செய்யும்போதும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: எந்தப் பகுதி நீள வேண்டும், எந்தப் பகுதி அப்படியே இருக்க வேண்டும்? அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடு விழ வேண்டும்.